வரிக்கு முன்னால் இருக்கும் காலி

கையண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பிப் பார்ப்பார். கண் தெரியாத மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போய்ப் போய், அந்தப் பிள்ளைகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. மூளை அவர்களுடையது, வாய் அவர்களுடையது, கை மட்டும் இவருடையது. அதனால் கையண்ணன். தலை அண்ணன் என்று யாரும் கூப்பிடாததில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மற்ற நாட்களில் அவருக்குச் சலவைக் கடை. கடை அவருடையதல்ல, கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற முக்காலிதான் அவருடையது. எதிரே வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். உள்ளே துணி சுற்றும். சட்டை ஒரு தடவை கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி நுரைக்குள் போகும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வேலை என்று அவர் நம்பினார். சும்மா இருப்பது என்று அவர் மனைவி நம்பினாள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது.

"அந்தப் போர்வை எழுந்து ஓடிடும்னா இப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க?" என்று அவள் கேட்பாள், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கல்லாவின் மேல் வைத்துக்கொண்டே.

"ஒரு போர்வை இல்லம்மா. ரெண்டு."

"அப்ப சரி. ரெண்டுன்னா காவல் வேணும்தான்."

பகலிலேயே கனவு காண்கிற ஆள் அவர். கண் திறந்திருக்கும், தலை ஆடும், 'ம்' கூடக் கொட்டுவார், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் இதற்காக வாங்கிய அடியை வைத்து இன்னொரு ஆளையே படிக்க வைத்திருக்கலாம். ஆனால் தேர்வு எழுதிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. மாணவர் சொல்கிற வார்த்தை இவர் காதில் நுழைந்து, நடுவில் எங்கேயும் உட்காராமல், நேராகக் கை வழியாகத் தாளில் இறங்கிவிடும். சட்டம், வேதியியல், வணிகவியல் என்று எத்தனையோ பாடம் இவருக்குள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பின்வாசல் வழியாக வெளியே போயிருக்கிறது. ஒன்றும் தங்கவில்லை.

எழுதுவதோடு வேலை முடியாது. கேள்வியைப் படித்துக் காட்டுவதும் அவர்தான். அதில்தான் ஒரு முறை மாட்டிக்கொண்டார். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற தாள் அது. நான்கு விடைகளைப் படிக்கும்போது, பிடித்த விடை வந்ததும் இவர் குரல் தன்னையறியாமல் குழைந்துவிட்டது. கூடத்தில் இருந்த கண்காணிப்பாளர் பிடித்துக்கொண்டார். "நீங்க படிக்கறீங்களா, கண்ணடிக்கறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். இதில் உள்ள வேடிக்கை, குழைந்த அந்த விடை தப்பு என்பதுதான். ஆனாலும் மானம் போனது போனதுதான். அதற்குப் பிறகு கையண்ணன் சலவைத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துப் படித்துக் குரலைத் தட்டையாக்கிக்கொண்டார். 'கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும்' என்பதையும் 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்பதையும் ஒரே மட்டத்தில் சொல்லப் பழகினார். இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஆகிவிட்டது குரல், ஒரு மடிப்புக் கிடையாது. அச்சில் உள்ளதைச் சேர்க்காமல் விடாமல் படிக்க வேண்டும். அதுதான் அவருடைய ஒரே கொள்கை. வேறு எதிலும் அவருக்குக் கொள்கை இருந்ததில்லை. இட்டதைத் தின்பார், சொன்ன இடத்தில் உட்காருவார்.

அன்று காலை கல்லூரித் தேர்வுப் பிரிவிலிருந்து எழுத்தர் போன் செய்தார். ஒரு பெண்ணுக்கு எழுத வேண்டியவருக்குக் காய்ச்சல், உடனே வர முடியுமா என்று கேட்டார். என்ன பாடம் என்று இவர் கேட்கவில்லை. எந்தப் பாடமாக இருந்தால் என்ன, எல்லாம் பின்வாசல் வழியாகப் போகப்போவதுதானே. கல்லாவை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

வழக்கமாக முந்தின நாளே மாணவரைச் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். எப்படிச் சொல்வேன், எப்படி எழுத வேண்டும் என்று ஒரு பேச்சு வார்த்தை நடக்கும். இந்தத் தடவை அதற்கு வழியில்லை. மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் அவர் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரோரம் மூன்றாவது நாற்காலியில் கண்காணிப்பாளர் அம்மா. அவர் கணக்குப்பதிவியல் சொல்லித் தருகிறவர். வாயில் ஒரு புதினா மிட்டாய், மடியில் இன்னும் பல. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நாள் முழுக்க வேலை எதுவும் இல்லாத மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கையண்ணனுக்கு அந்த மரத்தைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கலாம். கொண்டுவந்து விட்ட அக்கா வாசலில் நின்று, "பதறாம எழுதுடி" என்றாள்.

"எழுதப்போறது நானா? அவர்கிட்ட சொல்லிட்டுப் போ," என்றாள் பெண்.

அக்கா கையண்ணனைப் பார்த்து, "பதறாம எழுதுங்கண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அண்ணா, ஒரு விஷயம்," என்று பெண் அவர் பக்கம் குனிந்தாள். "இது எனக்கு மூணாவது தடவை. இதுக்கு மேல இந்தப் படிப்புல தாள் தர மாட்டாங்க. ஒரு கம்பெனியில என்னை மாதிரி ஆளுங்களை வச்சுத்தான் வெப்சைட்டெல்லாம் சோதிக்கறாங்க. இடம் வச்சிருக்காங்க எனக்கு. பாஸ்னு ஒரு காகிதம் காட்டினா போதும். காட்டலைன்னா அக்கா வீட்டு அடுக்களையில வெங்காயம் உரிக்கற உத்தியோகம். அதுக்குப் பரீட்சை கிடையாது."

"நல்லா எழுதிடலாம்மா."

"நீங்க நல்லாத்தான் எழுதுவீங்க. நான் சொல்லணுமே."

மிட்டாய் நகர்கிற சத்தம் கேட்டது. "பேச்சு போதும்," என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

பாடம் கணினி நிரல் எழுதும் அரிச்சுவடி. முதல் கேள்விகள் நல்லபடியாகப் போயின. மாறி என்றால் என்ன, நிபந்தனை என்றால் என்ன. பெண் சொன்னாள், கை எழுதியது, கையின் சொந்தக்காரர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே போயிருந்தால் கதையே கிடையாது. ஏழாவது கேள்வி வந்தது. தாளிலேயே அதற்குத்தான் மதிப்பெண் அதிகம். அது கிடைத்தால் பாஸ், கிடைக்காவிட்டால் வெங்காயம். அதைக் கணக்குப் போட்டு அந்தப் பெண்ணே முணுமுணுத்தாள்.

கையண்ணன் தட்டையான குரலில் படித்தார்.

"கீழ்க்காணும் நிரலின் வெளியீட்டை, மாறிகளின் மதிப்பைப் படிப்படியாகக் காட்டி எழுதுக. எஸ் ஈக்வல் டு ஜீரோ. கே ஈக்வல் டு த்ரீ. ஃபார் ஐ இன் ரேஞ்ச் ஒன் கமா ஃபோர், கோலன். ஃபார் ஜே இன் ரேஞ்ச் கே, கோலன். எஸ் ஈக்வல் டு எஸ் பிளஸ் ஐ. கே ஈக்வல் டு கே மைனஸ் ஒன். பிரிண்ட் எஸ்."

பெண் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள். இடது கை விரல் ஐ, வலது கை விரல் ஜே என்று வைத்துக்கொண்டவள், அப்படியே நிறுத்தினாள்.

"வரிக்கு முன்னாடி காலி எவ்வளவு விட்டிருக்குண்ணா? ஒவ்வொரு வரிக்கும் சொல்லுங்க. அதை வச்சுத்தான் எந்த வரி எந்த ஃபார் சுத்துக்குள்ள இருக்குன்னு தெரியும்."

கையண்ணன் மரத்திலிருந்து இறங்கி வந்தார். காலியா? காலி என்றால் ஒன்றும் இல்லாத இடம். ஒன்றும் இல்லாத இடத்தை எப்படிப் படிப்பது? யோசித்துப் பார்த்தார். இதைச் சொன்னால் துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? குரல் குழைந்ததற்கே அந்தப் பாடு பட்டாயிற்று.

"அச்சுல இருக்கறதை மட்டும்தாம்மா நான் படிக்கலாம்."

"அந்தக் காலியும் அச்சுல இருக்கறதுதானே?"

"அதுல எழுத்து எதுவும் இல்லையேம்மா."

பெண் ஒரு பெருமூச்சு விட்டாள். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. பெரிய மனிதர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று முடிவெடுத்த மாதிரிதான் இருந்தது. "வீட்டுல கம்ப்யூட்டர் சொல்லிடும்ணா. ஒவ்வொரு வரிக்கும் நாலு ஸ்பேஸ், எட்டு ஸ்பேஸ்னு சொல்லிட்டுத்தான் வரியைப் படிக்கும். அதுக்கு இருக்கற... சரி விடுங்க. கிறுக்கிப் பார்க்க ஒரு வேலைத்தாள் இருக்கா? சும்மா எழுதுங்க. எல்லா விதமாவும் ஓட்டிப் பார்த்துடறேன்."

அவள் ஓட்டத் தொடங்கினாள்.

"கடைசி ரெண்டு வரியும் உள்சுத்துக்குள்ள இருக்குன்னு வச்சுக்கங்க. ஐ ஒண்ணு. கே மூணு, அதனால உள்சுத்து மூணு தடவை. முதல் தடவை எஸ் ஒண்ணு, கே ரெண்டு, ஒண்ணுன்னு அச்சடிக்கும். அடுத்தது எஸ் ரெண்டு, கே ஒண்ணு, ரெண்டு அச்சடிக்கும். அடுத்தது எஸ் மூணு, கே பூஜ்யம், மூணு அச்சடிக்கும்."

வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கையண்ணனுக்கு அவருடைய வழக்கம் வந்துவிட்டது. கண் திறந்திருந்தது, ஆள் கடைக்குப் போய்விட்டார். ஆனால் வழக்கத்துக்கு மாறாக, அந்தப் பெண்ணின் குரலும் கூடவே கடைக்கு வந்தது. மூன்று இயந்திரங்கள் நின்றன. அவை ஐ. முதல் இயந்திரம் ஒரு சுற்றுக்கு ஒரு சட்டையைக் கூடையில் போடும், இரண்டாவது இரண்டு போடும், மூன்றாவது மூன்று போடும். கூடையில் சேர்வது எஸ். எத்தனை சுற்று என்று சொல்வது கே, கதவின் மேல் ஒட்டிய ஒரு சீட்டு.

"கே குறைஞ்சுக்கிட்டே போகுதேம்மா, அப்ப நடுவுல நின்னுடாதா?" அவர் வாய் அவரைக் கேட்காமல் கேட்டுவிட்டது.

"உள்ளே நுழையும்போதே மூணுன்னு எண்ணிக்கிட்டுத்தான் நுழையும். அப்புறம் சீட்டை மாத்தினாலும் அந்த மூணு மூணுதான். ஆனா ஐ ரெண்டு ஆகும்போது மறுபடி கேயைப் பார்க்கும். பார்த்தா பூஜ்யம். அதனால உள்ளே போகவே போகாது. ஐ மூணும் அப்படித்தான். ஆக ஒண்ணு, ரெண்டு, மூணு. அது ஒரு விடை."

அவள் சீட்டு என்று எதற்குச் சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கனவைத்தான் வெளியே சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. கடையில் இரண்டாவது, மூன்றாவது இயந்திரங்கள் வாயைத் திறந்து வைத்தபடி சும்மா நின்றன. முதல் இயந்திரம் சுற்றும்போதே யாரோ சீட்டிலிருந்த மற்ற எல்லாச் சுற்றையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பிரிண்ட் மட்டும் ஒரு படி வெளிய வந்துட்டா மூணு, மூணு, மூணு. சுத்தமா வெளிய வந்துட்டா ஒரே ஒரு மூணு. எழுதறீங்களா?"

"எழுதறேன்மா."

"இப்ப கே குறையற வரி ஒரு படி வெளிய. பிரிண்டும் கூடவே. ஐ ஒண்ணு, உள்ளே மூணு தடவை, எஸ் மூணு. வெளிய வந்து கே ரெண்டு. மூணுன்னு அச்சு. ஐ ரெண்டு, உள்ளே ரெண்டே தடவை, ரெண்டு ரெண்டா கூட்டினா எஸ் ஏழு. கே ஒண்ணு. ஏழுன்னு அச்சு. ஐ மூணு, ஒரே தடவை, எஸ் பத்து. பத்துன்னு அச்சு. நாலு வராது, ரேஞ்சுல நாலு வாசப்படியோட நின்னுடும்."

இந்தத் தடவை கடை அழகாக ஓடியது. முதல் இயந்திரம் மூன்று சுற்றுச் சுற்றி ஒவ்வொரு சட்டையாகப் போட்டது. சீட்டில் ஒன்று குறைந்தது. இரண்டாவது இரண்டு சுற்றுச் சுற்றி இரண்டிரண்டாகப் போட்டது. மூன்றாவது ஒரே ஒரு தடவை சோம்பல் முறித்த மாதிரி திரும்பி, மூன்று சட்டைகளை மொத்தமாகப் போட்டுவிட்டு நின்றது. கூடையில் பத்து. நீராவி மெதுவாக மேலே போனது.

"பிரிண்ட் மட்டும் சுத்தமா வெளிய இருந்தா வெறும் பத்து. ரெண்டு வரியுமே சுத்தமா வெளிய இருந்தா கே மூணாவே இருக்கும். மூணு, ஆறு, ஒன்பது. கூட்டினா பதினெட்டு. ஒரே பதினெட்டு. அவ்வளவுதான்ணா. கே இருக்கற இடத்தைவிட பிரிண்ட் உள்ளே போறதுக்கு வழி கிடையாது. மொத்தம் ஆறு. இதுல எதைச் சொல்லட்டும்? சீட்டுக் குலுக்கிப் போடுவோமா?"

கையண்ணன் வேலைத்தாளைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். ஆறு விடைகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஆறும் சரி. ஆறும் அவர் படித்த கேள்விக்கு விடை. இத்தனை வருஷமாக ஒரு எழுத்து விடாமல் படித்த குரல், ஒரே கேள்வியை ஆறு கேள்வியாகப் படித்து வைத்திருக்கிறது.

அவர் வினாத்தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முதல் இரண்டு வரி ஓரத்திலேயே இருந்தது. முதல் ஃபாரும் ஓரத்தில். இரண்டாவது ஃபார் கொஞ்சம் தள்ளி. எஸ் இன்னும் தள்ளி. யாரோ வேண்டுமென்றுதான் தள்ளி வைத்திருக்கிறார்கள். மற்ற அறைகளில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் கண்ணிலும் அது தானாக விழுந்துகொண்டிருக்கிறது. இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் இவர் விழ விடவில்லை. சேர்க்காமல் என்பதைப் பிடித்துக்கொண்டு, விடாமல் என்பதை விட்டுவிட்டார்.

கண்காணிப்பாளரைப் பார்த்து அவரே கையைத் தூக்கினார். தேர்வுக் கூடத்தில் அவர் கையைத் தூக்குவது அதுதான் முதல் தடவை.

"மேடம், நான் கேள்வியை முழுசாப் படிக்கலை."

"ஏன், கண்ணாடி போட மறந்துட்டீங்களா?"

"வரிக்கு முன்னாடி இடம் விட்டிருக்கு மேடம். அது எவ்வளவுன்னு சொல்லலை. அது இல்லாம ஆறு விடை வருது." வேலைத்தாளை நீட்டினார்.

அந்த அம்மா மிட்டாயைக் கன்னத்தின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு பார்த்தார். "இடத்தைச் சொல்றதுன்னா, இது இதுக்குள்ள இருக்குன்னு சொல்றதுதானே? அப்ப பாதி விடையை நீங்களே சொல்லிடறீங்க."

"இதுக்குள்ளன்னு சொல்ல மாட்டேன் மேடம். எவ்வளவு தள்ளி இருக்குன்னு மட்டும் சொல்றேன். மத்த பிள்ளைங்க பார்க்கறதுதான். பார்க்கறது காப்பி அடிக்கறதா?"

இவ்வளவு நீளமாகப் பேசியதில் கையண்ணனுக்கே மூச்சு வாங்கியது. அந்த அம்மா தலைமைக் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பெண் விரல்களை விரித்து, மேசையில் பியானோ வாசிக்கிற மாதிரி சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

"மேடம்," என்றாள் பெண், ரொம்ப மரியாதையாக. "நீங்க கணக்குப்பதிவியல்னு சொன்னாங்க. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுவீங்கல்ல. நடுவுல இருக்கற கோட்டைப் படிக்க மாட்டேன்னு ஒருத்தர் எல்லாத்தையும் வரிசையா ஒப்பிச்சா, உங்களுக்கு லாபமா நஷ்டமா?"

அந்த அம்மாவின் வாயில் மிட்டாய் நின்றது. ஜன்னல் மரத்தைப் பார்த்தார். அந்த அறையில் எல்லோருக்கும் அந்த மரம்தான் ஆலோசகர் போலிருக்கிறது.

"அச்சுல இருக்கறதைப் படிக்கணும். அதுதான் விதி," என்றார். பிறகு கையண்ணனிடம், "கேள்வித்தாளை அச்சடிச்சவன் அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தா படிக்காதீங்க. வேணும்னு விட்டிருந்தா படிங்க. நான் இங்கதான் நிக்கப்போறேன். ஒரு வார்த்தை கூடுதலா வந்தா புகார் எழுதிக் கொடுத்துடுவேன்."

அவர் எழுந்து வந்து மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். புதினா வாசனை மூவருக்கும் பொதுவாயிற்று.

கையண்ணன் மறுபடி தொடங்கினார். "எஸ் ஈக்வல் டு ஜீரோ, முன்னால காலி இல்லை. கே ஈக்வல் டு த்ரீ, காலி இல்லை. ஃபார் ஐ, காலி இல்லை. ஃபார் ஜே, ஒரு பங்கு காலி. எஸ் ஈக்வல் டு எஸ் பிளஸ் ஐ, ரெண்டு பங்கு காலி." அதோடு பக்கம் முடிந்துவிட்டது. கடைசி இரண்டு வரியும் எதிர்ப்பக்கத்தின் உச்சியில் தனியாக நின்றன. மேலே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரியும் கிடையாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தன. எந்தக் கொஞ்சம்? ஒரு பங்கா, இரண்டு பங்கா? அச்சகத்தில் எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் கோணலாக வேறு வெட்டியிருந்தார்கள்.

"என்னண்ணா, நின்னுட்டீங்க?"

"பக்கம் மாறுதும்மா. தோராயமாச் சொல்ல மாட்டேன். இரு."

வேலைத்தாளின் ஓரத்தைக் கிழித்து ஒரு நாடா எடுத்தார். முதல் பக்கத்தில் கேள்வி எண் ஏழு எங்கே தொடங்குகிறதோ அங்கே நகத்தால் ஒரு கீறல். முதல் ஃபாருக்கு ஒரு கீறல், இரண்டாவது ஃபாருக்கு ஒன்று, எஸ்ஸுக்கு ஒன்று. சலவைக்கு வந்த சட்டையின் கைநீளம் பார்க்கிற மாதிரி நாடாவை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தினார். அங்கே கீழே எட்டாவது கேள்வி இருந்தது. கேள்வி எண்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில்தான் இருக்கும் என்று முந்தின பக்கங்களைப் புரட்டிச் சரிபார்த்தார். முதல் கீறலை எட்டு என்ற எண்ணின் மேல் பொருத்தினார். நாடாவை நேராக மேலே நகர்த்தினார். கண்காணிப்பாளர் அம்மாவும் குனிந்து பார்த்தார். மிட்டாய் கடிபடுகிற சத்தம் கேட்டது.

கேயின் கால் மூன்றாவது கீறலில் வந்து நின்றது. பிரிண்டும் அங்கேயே.

"கே ஈக்வல் டு கே மைனஸ் ஒன், ஒரு பங்கு காலி," என்றார். "பிரிண்ட் எஸ், ஒரு பங்கு காலி."

குரல் துளிக்கூடக் குழையவில்லை. உள்ளே மூன்று இயந்திரங்களும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு சட்டைகளைக் கொட்டின. அதைக் கண்காணிப்பாளரால் பார்க்க முடியாது.

பெண் சிரித்துவிட்டாள். "மூணு, ஏழு, பத்து. எழுதுங்கண்ணா, சீக்கிரம். அட்டவணை போடுங்க. மேலே ஐ, நுழையும்போது கே, எஸ், அச்சு. முதல் வரிசை ஒண்ணு, மூணு, மூணு, மூணு."

கை ஓடியது. இரண்டு, இரண்டு, ஏழு, ஏழு. மூன்று, ஒன்று, பத்து, பத்து. ஒவ்வொரு எண்ணும் விழும்போது, இது ஏன் இங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அது பயங்கரமான ஒரு உணர்ச்சி. எழுதி முடிக்கும் முன்பே அடுத்த எண் கையில் வந்து நின்றது. அவள் வாய் திறக்கும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை முன்னால் போகப் பார்த்தது, அவர்தான் அதை இழுத்துப் பிடித்தார்.

எட்டாவது கேள்வியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மணி அடித்தது. பெண் எழுந்து, கைத்தடியை விரித்து, "போன தடவையும் இப்படி ஒரு கேள்வி. வந்தவங்க ஒரே மூச்சுல படிச்சாங்க. நான் தப்பா பதினெட்டுன்னு சொன்னேன்," என்றாள். வாசலில் காத்திருந்த அக்கா, "எப்படிடி?" என்றாள். "துணிக்கடைக்காரர் மாதிரி ஒருத்தர்கிட்ட மாட்டிக்கிட்டேன். அளந்துதான் கொடுப்பாராம்," என்று சொல்லிக்கொண்டே அவள் தாழ்வாரத்தில் நடந்துபோனாள்.

தேர்வு முடிவு வந்ததைக் கையண்ணனுக்கு உடனே யாரும் சொல்லவில்லை. சொல்வது வழக்கமும் இல்லை. கை எழுதியது, முடிந்தது. ஆனால் இந்தத் தடவை பாடம் பின்வாசல் வழியாகப் போகாமல் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டது. கடையில் உட்கார்ந்து இயந்திரங்களுக்குப் புதுப்புதுச் சீட்டு ஒட்டிப் பார்த்தார். கே மூன்றுக்குப் பதில் நான்கு என்றால்? ஒன்றொன்றாக நான்கு சுற்று, நான்கு. இரண்டிரண்டாக மூன்று சுற்று, பத்து. மும்மூன்றாக இரண்டு சுற்று, பதினாறு. மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப போர்வைகிட்டப் பேசவே ஆரம்பிச்சுட்டீங்களா?"

"எண்ணிக்கிட்டிருக்கேன்மா."

"எதை?"

"இல்லாத சட்டையை."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. சில பதில்களுக்குப் பிறகு கேட்கக் கூடாது என்பதை அவள் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டவள்.

ஒரு மத்தியானம் தேர்வுப் பிரிவு எழுத்தர் போன் செய்தார். "கையண்ணா, அந்தப் பொண்ணு பாஸ். மயிரிழையில பாஸ், ஆனா பாஸ். கம்பெனியில சேர்ந்துடுச்சு. அங்க இதே பாடத்தோட இரண்டாம் தாளையும் எழுதச் சொல்றாங்களாம். படிச்சுக் காட்ட நீங்கதான் வேணும்னு பிடிவாதம். பேரைப் போட்டுடவா?"

இயந்திரங்களில் ஒன்று நின்று, தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி சுற்றத் தொடங்கியது.

"போடுங்க."

"வழக்கமா கேக்கறதுதான், சும்மா ஆமா இல்லைன்னு சொல்லுங்க. சொந்தக்காரரா?"

"இல்லை."

"அந்தப் பாடம் தெரியுமா? தெரிஞ்சவங்க எழுதக்கூடாது."

எத்தனையோ தடவை இந்தக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். பெருமையாகவே சொல்லியிருக்கிறார். இப்போதும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். ஒரு நீலச் சட்டை கண்ணாடியில் ஒட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒன்று. மறுபடி வந்தது. இரண்டு.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"கொஞ்சம் தெரியும்," என்றார் கையண்ணன்.

மறுமுனையில் பேனா நின்றது. "கொஞ்சம்னா?"

"சுத்துக்குள்ள சுத்து வரைக்கும்."

"என்னண்ணா நீங்க," என்று எழுத்தர் அலுத்துக்கொண்டார். "இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்தீங்க. இனி அதுக்கு வேற ஆளைத் தேடணும். அந்தப் பொண்ணு என்னைத்தான் வறுக்கும்."

"தேடுங்க. யார் வந்தாலும் முந்தின நாளே இங்க கடைக்கு அனுப்புங்க. எப்படிப் படிக்கணும்னு மட்டும் காட்டித் தர்றேன். பாடம் எதுவும் சொல்ல மாட்டேன்."

"படிக்க வர்றவங்களுக்கு நாடாவெல்லாம் வேணுமாம். கண்காணிப்பாளர் மேடம் சொன்னாங்க. அது என்ன நாடா?"

"அதுவும் காட்டறேன்," என்றார் கையண்ணன். போனை வைத்துவிட்டுக் கல்லாவின் இழுப்பறையைத் திறந்தார். ரசீது ஓரங்களிலிருந்து காகிதத்தை ஒரே அகலத்துக்கு, மெதுவாக, கிழியாமல் கிழிக்க ஆரம்பித்தார்.